மழை இரவில் பார்க்கிறவருக்கு ஒன்றரை நிமிஷம்

சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகிறவர், பந்தலடியில் போட்டிருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டுக்குரியவர் பேசினால் கேட்டு, பேசாவிட்டால் தானும் சும்மா இருந்து, புறப்படும் சமயத்தில் 'போய் வருகிறேன்' என்ற வார்த்தையைக்கூடச் சொல்லாமல் எழுந்து போய்விடுவதென்பது நம்மிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவரும் வழக்கம். அவர் உபதேசம் செய்வதில்லை. வந்தார், இருந்தார் என்பதுதான் அவர் செய்யும் உபகாரம். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகை நாற்காலிகளை வண்டியேற்றிய பிறகு அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துபோகிறார்கள். இரவு இரண்டு மணிக்குத் தூக்கம் கலைந்து கைப்பேசியை எடுத்துப் பார்ப்பது அதற்கப்புறம் வரும் நாட்களில்தான். நாம் எடுக்கும் சிறு வீடியோ அந்த நேரத்தில் அந்த மனிதரிடம் போய்ச் சேருகிறது. ஆகையால் அதை ஒரு பிரசங்கமாக நினைக்காமல், காலந்தாழ்ந்து வந்த ஒரு துக்க விசாரணையாக நினைத்துக்கொண்டு எடுக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இந்த அத்தியாயத்தில் நான் சொல்லப்போகும் முறைகளெல்லாம் அதிலிருந்து பிறந்தவை.

பொதுவாகப் பேசுவதைவிட, நாங்கள் இரும்புலியூரில் எடுத்த ஒரு வீடியோவின் கதையைச் சொன்னால் விஷயம் விளங்கும்.

2015ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி காலையிலிருந்து மறுநாள் காலை வரையில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. எங்கள் ஊருக்கு மேற்கே முடிச்சூர், வரதராஜபுரம் பக்கங்களில் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்து, தெருக்களில் படகு ஓட்டி ஜனங்களை மீட்கவேண்டியதாயிற்று. 2021இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அந்தப் பக்கங்களில் மறுபடி தண்ணீர் தேங்கியது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கூரையில் தூறல் விழும் சத்தம் கேட்டதுமே எழுந்துபோய் வாசற்படியைப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறவர்கள் இந்த வட்டாரத்தில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்காக ஒரு வீடியோ எடுக்கலாமென்று, கல்லூரியில் படிக்கும் எங்கள் தெருத் தம்பி ஒருவன் ஓய்வு பெற்ற வாத்தியாராகிய என்னிடம் வந்து நின்றான்.

முதலில் எடுத்தது தோல்வி. தோல்வியின் பொறுப்பு முழுக்க என்னுடையதும் அவனுடையதுந்தான். வெள்ளத்தில் மிதக்கும் கார்களின் படத்தோடு ஆரம்பித்து, இடி மழைச் சத்தமும் வயலினும் சேர்த்து, 'அச்சத்தை வெல்வோம்' என்று நான் கணீரென்று பேச, கடைசி இரண்டு விநாடியில் ஒரு தொலைபேசி எண் மின்னி மறைந்தது. இதைப் பக்கத்துத் தெருவில் தையற்கடை வைத்திருக்கும் அம்மாளிடம் காட்டினோம். 2015இல் கைக்குழந்தையோடு இரண்டு இரவுகள் மொட்டை மாடியில் கழித்தவர் அவர். பத்தாவது விநாடியில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "சார், இது எனக்கா, இல்ல எங்கதையைக் கேக்க வர்றவங்களுக்கா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியைவிட நல்ல விமர்சனத்தை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பயந்தவருக்குப் பயத்தின் காட்சியையே காட்டி ஆறுதலை ஆரம்பிப்பது, சுட்ட கையை மறுபடி அடுப்பில் வைத்துப் பார்க்கச் சொல்வதற்குச் சமானம். தண்ணீர்ப் படத்தை நீக்கினோம். மழைச் சத்தத்தையும் நீக்கினோம். மழைச் சத்தம் மனத்துக்கு இதமென்று எண்ணி அதைப் பின்னணியில் சேர்ப்பது இப்போதைய பழக்கம். முடிச்சூர்க்காரரிடம் அது செல்லாது.

இன்னொரு காட்சியையும் விலக்கினோம். எங்கள் ஊரை ஒட்டி, தாம்பரத்துக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே, இரயில்பாதை போகிறது. அந்தி வெளிச்சத்தில் மின்சார இரயில் போவது கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். தம்பி அதை வீடியோவின் முடிவில் வைக்க ஆசைப்பட்டான். வேண்டாமென்றேன். வாழ்க்கை வெறுத்திருக்கும் ஒருவர் பார்க்கக்கூடிய வீடியோவில் தண்டவாளம், பாலத்தின் கைப்பிடி, கிணறு, மாத்திரைக் குவியல் இவை எதுவும் வரக்கூடாது. யாராவது எப்படி இறந்தார் என்ற வர்ணனையும் கூடாது. தற்கொலைச் செய்திகளை விரிவாகப் பிரசுரிப்பதால் பின்தொடர்ந்து தற்கொலைகள் கூடுகின்றன என்பதை அமெரிக்கச் சமூகவியலறிஞர் டேவிட் ஃபிலிப்ஸ் 1974இலேயே எழுதினார். இதற்கு நேர்மாறாக, தத்தளித்த ஒருவர் எப்படிச் சமாளித்துக் கரையேறினார் என்று சொல்லும் செய்திகளைத் தொடர்ந்து தற்கொலைகள் குறைவதைக் கண்டு, 2010இல் ஆஸ்திரியாவின் ஆராய்ச்சியாளர்கள் அதற்குப் பபகேனோ விளைவு என்று, மொஸார்ட்டின் இசைநாடகத்தில் வரும் ஒரு பறவைக்காரனின் பெயரை வைத்தார்கள். ஆகவே பேசவேண்டியவர் நான் அல்ல, தையற்கடை அம்மாள்தான் என்று முடிவாயிற்று.

பயத்தையும் சாவுத் துக்கத்தையும் ஒரே வீடியோவில் அடக்கலாமென்று நினைத்ததும் எங்கள் பிழை. பயந்தவருக்கு இப்போது, இந்தக் கணத்தில், காலூன்ற ஏதாவது வேண்டும். பறிகொடுத்தவருக்கோ அவசரம் எதுவுமில்லை, யாராவது உட்கார்ந்திருக்கவேண்டும். இரண்டும் வேறு வேறு தாளம். எனவே இரண்டாகப் பிரித்தோம். மழைப் பயத்துக்கான வீடியோவில் அம்மாள் பேசியது முழுவதும் இது:

"வணக்கம். நான் இரும்புலியூர்ல தையக்கடை வெச்சிருக்கேன். மழை பேஞ்சா நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, ராத்திரி எந்திரிச்சு எந்திரிச்சு வாசலைப் பாக்குறேன்னு இருக்கறவங்களுக்காகப் பேசறேன். பதினஞ்சாம் வருஷம் தண்ணி வந்தப்ப நான் மொட்டை மாடில இருந்தேன். எனக்கும் இந்தப் பயம் இருக்கு. இப்ப ரெண்டு காலையும் தரைல நல்லா ஊனி வைங்க. தரை காஞ்சிருக்கா, பாருங்க. மூச்சை மெதுவா வெளிய விடுங்க... இன்னொரு தடவை. ராத்திரில நான் இதைத்தான் செய்யறேன். ரெண்டு வாரமாத் தூக்கமே இல்ல, சாப்பாடு எறங்கல, வேலைக்குப் போக முடியலன்னா, ஒண்ணு, நாலு, நாலு, ஒண்ணு, ஆறு, இந்த நம்பருக்குப் போன் போடுங்க. காசு கெடையாது. மொதல்ல எந்த மொழின்னு கேக்கும். தமிழை அமுக்குனா ஒருத்தர் பேசுவாங்க. என்ன செய்யுதுன்னு கேப்பாங்க. எவ்வளவு சொல்லணும்னு தோணுதோ அவ்வளவு சொன்னாப் போதும். இருக்கவே வேணாம்னு தோணுச்சுன்னா ரெண்டு வாரமெல்லாம் பாக்காதீங்க, இப்பவே போடுங்க. பக்கத்துல தூங்குறவங்களையும் எழுப்புங்க. விடிஞ்சதும் ரேஷன் கார்டு, ஆதாரு, மருந்துச் சீட்டு மூணையும் ஒரு கவர்ல போட்டுப் பரண்ல வைங்க. மாடி வீட்டுக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைங்க. நானும் அதான் பண்ணியிருக்கேன்."

இதை நிதானமாகப் பேசி, இரண்டு மூச்சுக்கும் உரிய மௌனத்தைக் குறைக்காமல் விட்டால் ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம் ஆகிறது. ஓசையில்லாமல் பார்க்கிறவர்களும் உண்டாகையால் பேச்சு முழுவதையும் பெரிய எழுத்தில், ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேற்படாமல் போட்டோம். பகல் வெளிச்சத்தில், தையல் இயந்திரத்துக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, கைப்பேசியை அவர் கண்மட்டத்தில் நிறுத்தி எடுத்தது. பின்னணியில் இசை இல்லை. மின்விசிறியின் ஓசை கொஞ்சம் கேட்கிறது. இருக்கட்டுமென்று விட்டுவிட்டோம், அந்த ஓசை எல்லார் வீட்டிலும் இருப்பது.

வார்த்தைகளைப் பற்றி விளக்கவேண்டியது கொஞ்சம் உண்டு. 'மனச்சோர்வு', 'பதற்றக் கோளாறு' போன்ற வைத்தியப் பெயர்கள் இதில் ஓரிடத்திலும் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். நம் ஜனங்கள் மனவேதனையைப் பெரும்பாலும் உடம்பின் பாஷையில்தான் சொல்கிறார்கள்: நெஞ்சை அடைக்கிறது, சோறு இறங்கவில்லை, என்னமோ மாதிரி இருக்கிறது. அந்த வார்த்தை காதில் விழுந்தால்தான் 'இது எனக்கு' என்று பார்க்கிறவர் நிற்பார். வைத்தியப் பெயர் விழுந்தால் 'இது பைத்தியக்காரர்களுக்கு' என்று கட்டைவிரலால் தள்ளிவிடுவார். அதேபோல, 'பயப்படாதீங்க' என்ற வார்த்தையையும் பிரயோகிக்கவில்லை. தரைத்தளத்தில் குடியிருந்து மூன்று முறை தண்ணீரைப் பார்த்தவரிடம் தண்ணீர் வராதென்று உறுதி கூற நமக்கு யோக்கியதை கிடையாது. அவருடைய பயத்தில் நியாயமான பாகம் ஒன்று இருக்கிறது; அதற்கு மூச்சுப் பயிற்சி மருந்தாகாது, பரணில் வைத்த பிளாஸ்டிக் கவரும் மாடி வீட்டுக்காரரிடம் சொல்லிவைத்த வார்த்தையுந்தான் மருந்து. இந்தக் காரணத்தாலேயே, சிவப்பு எச்சரிக்கை அறிவித்த நாளில் இம்மாதிரி வீடியோவைப் போடக்கூடாது. அன்றைக்கு வேண்டியது மேடான இடத்துக்குப் போகும் வழி; ஆறுதல் அதற்கப்புறம்.

மூச்சைப் பற்றியும் ஒரு ஜாக்கிரதை. 'ஆழமாக இழுத்து அடக்கி விடுங்கள்' என்று பல பேர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். படபடப்பில் இருக்கிறவர் ஏற்கெனவே தேவைக்கு மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பார். இன்னும் இழுக்கச் சொன்னால் தலை சுற்றி, விரல்கள் மரத்து, பயம் இரட்டிப்பாகும். தண்ணீரை நினைத்துப் பயப்படுகிறவரை மூச்சடக்கச் சொல்வது அதைவிட விபரீதம். வெளியே விடுவதை மட்டும் நீட்டச் சொன்னால் போதும். இத்தோடு, முதன்முறையாக நெஞ்சுவலி வந்து, அது இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டுகிறவருக்கு இந்த வீடியோ உரியதல்ல; அவர் 108ஐ அழைக்கவேண்டும். அதை வீடியோவின் கீழே எழுதும் குறிப்பில் ஒரு வரியாகச் சேர்த்தோம்.

இனி, இந்த அத்தியாயத்தின் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நிபுணர் உதவியைச் சுட்டுவதில் நம்மவர்கள் செய்யும் பெரிய பிழை, எண்ணைக் காட்டுவதோடு கடமை தீர்ந்ததென்று நினைப்பது. சினிமாவில் புகைபிடிக்கும் காட்சியின் அடியில் ஓடும் எச்சரிக்கையை யாராவது வாசித்துத் திருந்தியிருக்கிறார்களோ என்னவோ, 'தேவைப்பட்டால் மனநல மருத்துவரை அணுகவும்' என்ற அறிவிப்புக் குரலும் அந்த வரிசையைச் சேர்ந்தது. வேதனையில் இருப்பவருக்குத் தடையாக நிற்பது எண் தெரியாமை மட்டுமன்று. போன் போட்டால் என்ன நடக்குமோ என்ற இருட்டு. எங்கள் வீடியோவின் இரண்டாம் வடிவத்தை மூன்று பேரிடம் காட்டினோம். மறுநாள் போய், "எண் ஞாபகம் இருக்கிறதா? இருந்தும் போடமாட்டீர்கள் என்றால், ஏன்?" என்று விசாரித்தோம். ஒருவர், "பணம் புடிப்பாங்களா?" என்றார். ஒருவர், "இங்கிலீஷ்ல பேசுனா என்ன பண்றது?" என்றார். மூன்றாமவர், கூலி வேலைக்குப் போகிற பெரியவர், குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சாகணும்னு தோணுதுன்னு சொன்னா போலீசு வருமா, சார்?" என்று கேட்டார்.

அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய 309ஆம் பிரிவு 1860ஆம் வருஷத்து இந்தியத் தண்டனைச் சட்டத்தில் நெடுங்காலம் இருந்தது. 2017ஆம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகக் கொள்ளவேண்டுமென்றும் தண்டிக்கலாகாதென்றும் விதித்தது. 2024 ஜூலை முதல் அமலான புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பழைய பிரிவு இடம்பெறவில்லை. தவிர, இங்கே அந்தப் பெரியவர் கேட்பது முயற்சியைப் பற்றியும் அல்ல, ஓர் எண்ணத்தைச் சொல்வதைப் பற்றி. எண்ணத்தைச் சொல்வது ஒருநாளும் குற்றமாக இருந்ததில்லை. இதையெல்லாம் ஒன்றரை நிமிஷத்துக்குள் திணிக்க முடியாது, திணிக்கவும் கூடாது. ஆனால் போன் போட்டதும் முதலில் என்ன கேட்கும், யார் எடுப்பார், என்ன விசாரிப்பார் என்று நடப்பதை நடக்கிறபடியே வர்ணித்துவிட்டால், மூன்று பேருடைய கேள்விக்கும் பெரும்பகுதி விடை கிடைத்துவிடுகிறது. அம்மாளின் பேச்சில் எண்ணுக்குப் பின் வரும் நான்கைந்து வாக்கியங்கள் இப்படித்தான் முளைத்தன.

அந்த வாக்கியங்களை அவர் கற்பனையாகச் சொல்லவில்லை. படமெடுப்பதற்கு முன்னால் என் மேஜையில் உட்கார்ந்து 14416ஐ அவரே அழைத்துப் பேசிப் பார்த்தார். இது மத்திய அரசு 2022 அக்டோபரில் ஆரம்பித்த டெலி மானஸ் என்னும் சேவையின் எண். தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இராப்பகல் எந்நேரமும் உண்டு. பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் பேசுவார், வேண்டியிருந்தால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் நிறுவிய சிநேகா என்ற அமைப்பின் எண் 044-24640050. அங்கே தன்னார்வலர்கள் புத்திமதி சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்கிறார்கள். இரண்டையும் போடலாமே என்று தம்பி கேட்டான். இராத்திரியில் கை நடுங்குகிறவரிடம் இரண்டு எண்ணைக் கொடுத்தால் எதைப் போடுவதென்ற யோசனையிலேயே இரண்டும் போய்விடும்; பேச்சில் ஒன்றே ஒன்று, மற்றது எழுத்துக் குறிப்பில் என்று வைத்தோம். அந்த ஒன்றையும் இலக்கம் இலக்கமாகச் சொல்லவேண்டும். பதினாலாயிரத்து நானூற்றுப் பதினாறு என்று படித்தால் கணக்கு வாத்தியாருக்குக்கூட மனத்தில் தங்காது. எண் முதன்முதலில் சொல்லப்படும் கணத்திலிருந்து வீடியோ முடியும் வரையில் திரையின் மேல்பாகத்தில் நிலைத்து நிற்கவேண்டும். கீழ்ப்பாகத்தை இதய அடையாளமும் மற்றப் பொத்தான்களும் மறைத்துவிடும். முடிவில் வைக்காமல் பாதியிலேயே சொல்லிவிட்டதற்குக் காரணம், முடிவு வரை பார்க்கிறவர்கள் பாதிப்பேர்கூட இருக்கமாட்டார்கள் என்பதுதான்.

நேரில் வைத்தியரைப் பார்க்க விரும்புகிறவருக்கு, குரோம்பேட்டை அரசு மருத்துவமனை போன்ற பக்கத்து மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிப் பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதை நீங்களே போய் விசாரித்து, சீட்டு எழுதும் சன்னல் எந்தப் பக்கம் என்பது உட்படக் குறிப்பில் எழுதுங்கள். கேள்விப்பட்டதை எழுதாதீர்கள்.

துக்கத்துக்கான வீடியோவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதுவே அதன் இலட்சணம். கணவரை இழந்து ஐந்து வருஷமான ஒரு மூதாட்டி, ஒரு நிமிஷத்துக்குள், "பதினாறு முடிஞ்சதும் வீடு வெறிச்சோடிப் போச்சு. யாரும் அவர் பேரை எடுக்கமாட்டேங்கறாங்க. நான் எடுப்பேன். நீங்களும் உங்களவங்க பேரை யார்கிட்டயாச்சும் இன்னிக்கு ஒரு தடவை சொல்லுங்க" என்கிறார், பிறகு பன்னிரண்டு விநாடி சும்மா உட்கார்ந்திருக்கிறார். தம்பி அந்த மௌனத்தை வெட்டிவிட வந்தான், நான் கையைப் பிடித்துக்கொண்டேன். 'காலம் ஆற்றும்', 'உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இல்லையா', 'எல்லாம் அவன் சித்தம்' ஆகிய மூன்றும் அங்கே இல்லை. கடைசி வாக்கியம் அளவைச் சொல்ல வேண்டிய இடம்: அழுவது நோயல்ல, ஆனால் ஆறு மாதம் கடந்தும் துக்கம் கொஞ்சமும் தளராமல், அன்றாட வேலைகளைச் செய்யவிடாமல் வைத்திருந்தால் அதற்கு உதவி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் அந்த ஆறு மாதக் கணக்கு இருக்கிறது. சுனாமியில் உறவினரைப் பறிகொடுத்தவர்களிடம் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை அனுப்பித் தொடர்ந்து பேசவைத்து, அவர்களுடைய சோர்வு மற்றவர்களைவிடக் குறைந்திருந்ததாக டாக்டர் லட்சுமி விஜயகுமார் 2008இல் வெளியிட்ட ஆய்வு, வந்து உட்கார்ந்து கேட்பது வெறும் உபசாரமல்ல என்பதற்குச் சென்னையிலேயே கிடைத்த சாட்சி.

வீடியோவைப் போட்டபின் முதல் இரண்டு நாள், வருகிற செய்திகளை யார் எந்நேரம் பார்ப்பது என்று முன்னதாகவே முறை வைத்துக்கொள்ளுங்கள். முறை வைக்க ஆளில்லையென்றால் போடுவதைத் தள்ளிவையுங்கள். 'இருக்கப் பிடிக்கவில்லை' என்று ஒருவர் எழுதினால், நீங்கள் வைத்தியராகிவிட வேண்டாம். "இப்போது பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள், எண்ணைக் கொடுங்கள், அவர் பேசி முடிக்கும் வரை உடனிருங்கள், உயிருக்கு உடனடி ஆபத்தென்று தோன்றினால் 108. விடிய விடிய உங்களோடு பேசிக்கொண்டிருப்பதே அவருக்குப் போதுமென்று அவரும் நீங்களும் நினைக்கத் தொடங்கினால், வீடியோ தன் காரியத்திலிருந்து நழுவிவிட்டது என்று அறிந்துகொள்ளலாம்.

எண்கள் மாறும், நேரங்கள் மாறும். பழைய வீடியோ மாறாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். எடுப்பாரில்லாத எண்ணுக்கு ஒருவரை அனுப்புவதைவிட அனுப்பாமலிருப்பது மேல். ஆகையால் வருஷாவருஷம் வடகிழக்குப் பருவமழைக்கு முன், அக்டோபர் முதல் வாரத்தில், வீடியோவில் சொன்ன எண்ணை அம்மாளே தம் கைப்பேசியிலிருந்து அழைத்துப் பார்க்கிறார். இந்த வருஷமும் அழைத்தார், எடுத்தார்கள்.